உள்ளே மெயில் ஓடியது, வெளியே நின்றது: காலாவதியான டொமைனை ஒரே நாளில் மீட்ட விவரம்

பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம். அச்சு இயந்திரங்களுக்கான உதிரிபாகங்களை விற்கிறார்கள். விலை கேட்பது, ஆர்டர் வருவது, பில் அனுப்புவது எல்லாமே மெயிலில்தான். அவர்களுடைய கணினி வேலைகளைப் பகுதிநேரமாக நான் கவனித்துக்கொள்கிறேன். ஒரு வியாழக்கிழமை காலை 10.10க்கு அலுவலக மேலாளர் அழைத்தார். "சார், வாடிக்கையாளர் ஒருத்தர் போன் பண்ணினார். காலையிலிருந்து நமக்கு அனுப்பின மெயில் எதுவும் போகலையாம். ஆனா இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தால்தான் அவர்களுக்கு மூன்று மணி நேரம் வீணாகியிருந்தது. ஊழியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட மெயில்கள் நொடியில் போய்ச் சேர்ந்தன. இணையத்தில் மெயில்பெட்டி திறந்தது, பழைய மெயில்கள் அப்படியே இருந்தன. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் 365. ஒரே நிறுவனக் கணக்குக்குள் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கிடையே மெயில் போகும்போது எந்தப் பெயர் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் வெளி உலகின் டிஎன்எஸ்ஸைக் கேட்கத் தேவையில்லை, உள்ளேயே கொடுத்துவிடும். அதனால் டொமைன் செத்துக் கிடந்தாலும் உள்மெயில் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே மெயில் ஓடுகிறது, வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது டொமைனைத்தான், மெயில் சர்வரை அல்ல.

எங்கே கேட்டுப் பார்ப்பது

நிறுவனத்தின் இணையதளம் அவர்கள் அலுவலகத்தில் வழக்கம்போலத் திறந்தது. அலுவலக ரூட்டரும் இணைய சேவையின் டிஎன்எஸ் சர்வரும் பழைய விடையை நினைவில் வைத்திருந்ததுதான் காரணம். இந்த மாதிரி நேரத்தில் பிரவுசரை நம்பக்கூடாது. ஒரு வகை டொமைன்கள் எல்லாவற்றின் மூலப் பதிவையும் வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் சர்வரிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். அவர்களுடையது `.com` டொமைன். உண்மைப் பெயருக்குப் பதிலாக இங்கே `example.com` என்று போடுகிறேன்.

```
dig @a.gtld-servers.net example.com NS +norecurse +noall +authority
```

இதற்கு வர வேண்டியது அவர்களுடைய டிஎன்எஸ் நிறுவனத்தின் இரண்டு நேம்சர்வர்கள், அதாவது டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளைத் தரும் சர்வர்கள். வந்ததோ, டொமைனைப் பதிவு செய்து தந்த நிறுவனத்தின், அதாவது ரெஜிஸ்ட்ராரின், பார்க்கிங் நேம்சர்வர்கள். விளம்பரப் பக்கம் காட்டுவதற்காக அவர்கள் வைத்திருப்பவை அவை. அதைப் பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிட்டது: டொமைன் புதுப்பிக்கப்படவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லையே சார், அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குன்னு காட்டுதே" என்றார். அவர் பார்த்தது பொய்யில்லை. `.com` டொமைன் காலாவதியாகும் நாளில், ரெஜிஸ்ட்ரி தானாகவே ஒரு வருடம் நீட்டி, அதற்கான கட்டணத்தை ரெஜிஸ்ட்ராரிடம் எடுத்துக்கொள்கிறது. 45 நாட்களுக்குள் ரெஜிஸ்ட்ரார் அந்த டொமைனை நீக்கிவிட்டால் அந்தப் பணம் திரும்பிவிடும். அதனால் வாடிக்கையாளர் பணம் கட்டாத டொமைனுக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவில் அடுத்த வருடத் தேதியே தெரியும். தேதியை நம்பி "நமக்கு ஒன்றுமில்லை" என்று திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரெஜிஸ்ட்ரியின் பதிவைக் காட்டும் ஆர்டிஏபி சேவையில், தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையைத்தான் படிக்க வேண்டும்.

```
curl -s https://rdap.verisign.com/com/v1/domain/example.com
```

இதில் `status` என்ற இடத்தில் `auto renew period` என்று இருந்தது. தானாக நீட்டப்பட்ட அந்த 45 நாள் காலத்துக்குள் டொமைன் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நாள் கணக்குப் பார்த்தேன். காலாவதியாகி 11 நாள் ஆகியிருந்தது. அந்த 11 நாளும் ரெஜிஸ்ட்ரார் எதையும் தொடாமல் விட்டிருந்தார். அன்று அதிகாலையில்தான் நேம்சர்வர்களை மாற்றியிருக்கிறார்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது இந்த நிலையைப் பொறுத்தது. இதே இடத்தில் `redemption period` என்று இருந்தால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை ஏற்கெனவே நீக்கிவிட்டார் என்று பொருள். அதிலிருந்து 30 நாள் வரை மீட்கலாம். ஆனால் புதுப்பிக்கும் கட்டணத்தோடு தனியாக மீட்புக் கட்டணமும் கட்ட வேண்டும், அது பல மடங்கு இருக்கும். `redemption period` இல்லாமல் `pending delete` மட்டும் வந்துவிட்டால் முடிந்தது. ஐந்து நாளில் டொமைன் பொதுச் சந்தைக்குப் போய்விடும், இடையில் யாராலும் தடுக்க முடியாது. 45 நாள் முழுதும் நம் கையில் இருக்கிறது என்றும் எண்ணிவிடக்கூடாது. அது உச்ச வரம்புதான். பல ரெஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்பே காலாவதியான பெயரை ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கு அந்தந்த ரெஜிஸ்ட்ரியின் விதிகள் வேறு, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வந்துகொண்டிருந்த மெயில் எங்கே போயிற்று

உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "காலைல அனுப்பினதெல்லாம் போச்சா?" அதற்கு விடை, டொமைன் எந்த விதத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

சில ரெஜிஸ்ட்ரார்கள் `client hold` என்ற நிலையைப் போடுவார்கள். அப்போது டொமைன் ரெஜிஸ்ட்ரியின் டிஎன்எஸ் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். அனுப்புபவரின் சர்வருக்கு `NXDOMAIN`, அதாவது அப்படியொரு டொமைனே இல்லை என்ற பதில் கிடைக்கும். அது நிரந்தரப் பிழை. மெயில் உடனே அனுப்பியவருக்கே திரும்பிவிடும், மறுபடி முயற்சி நடக்காது. இங்கே நடந்தது அதுவல்ல, பார்க்கிங். பார்க்கிங் நேம்சர்வரில் இந்த டொமைனுக்கு, மெயிலை எந்த சர்வருக்குக் கொண்டுபோவது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இல்லை, இணையதளத்துக்கான ஐபி முகவரி மட்டும் இருந்தது. எம்எக்ஸ் இல்லையென்றால் அந்த ஐபி முகவரிக்கே மெயிலைக் கொண்டுபோகச் சொல்கிறது மெயில் விதி. ஆக, உலகம் முழுவதிலுமிருந்து அவர்களுக்கு வர வேண்டிய மெயில் ஒரு விளம்பரப் பக்கத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சர்வருக்குள் போய் சர்வர்கள் மெயில் வாங்கும் 25ஆம் போர்ட்டைச் சோதித்தேன். (வீட்டு இணைப்பிலிருந்து இதைச் செய்தால் பெரும்பாலும் அங்கேயே 25ஆம் போர்ட்டை அடைத்திருப்பார்கள், தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.)

```
nc -vz -w 10 192.0.2.10 25
```

பத்து நொடி காத்திருந்தும் பதிலே இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. பதில் வராத சர்வருக்கான மெயிலை அனுப்பும் சர்வர்கள் தூக்கி எறிவதில்லை, வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயல்கின்றன. குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மெயில் விதியின் பரிந்துரை. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற சர்வர்களில் இயல்பான அளவே ஐந்து நாள்தான். அதற்குள் டொமைனை மீட்டுவிட்டால் பெரும்பகுதி தானாகவே வந்து சேரும். உரிமையாளரிடம் அப்படியே சொன்னேன். கூடவே, சில அனுப்பும் சேவைகள் எம்எக்ஸ் இல்லாத டொமைன் என்றாலே உடனே திருப்பிவிடும், அதனால் எல்லாமே வரும் என்று உறுதி தர முடியாது என்பதையும் சொன்னேன்.

இந்த நேரத்தில் கணக்குப் பிரிவில் ஒருவர், மைக்ரோசாஃப்ட் நிர்வாகப் பக்கத்தில் டொமைனை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். நல்லவேளை, செய்வதற்கு முன் கேட்டார். டொமைனை அங்கிருந்து எடுத்தால் அத்தனை பேரின் முகவரியிலிருந்தும் அது கழன்றுவிடும். திரும்பச் சேர்க்க டிஎன்எஸ்ஸில் சரிபார்ப்புப் பதிவு போட வேண்டும், அந்த டிஎன்எஸ்தான் இப்போது நம் கையில் இல்லை. பெட்டிகளுக்கு எந்தச் சேதமும் இல்லாதபோது அவற்றைத் தொடவே கூடாது. கணினியில் இருக்கும் மெயில் கணக்கை அழித்துவிட்டு மறுபடி போடுவதும் அதே மாதிரிதான். பழைய பாப் முறையில் மெயிலை இறக்கி வைத்திருக்கும் கணினியில் அப்படிச் செய்தால் வருடக்கணக்கான மெயில் ஒரே நொடியில் போய்விடலாம்.

பூட்டிய வீட்டுக்குள் சாவி

சரி, பணம் கட்டினால் வேலை முடிந்தது. ஆனால் கட்ட முடியவில்லை. ரெஜிஸ்ட்ராரின் கணக்கு, நான்கு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவரின் நிறுவன மெயில் முகவரியில் இருந்தது. கடவுச்சொல் பழைய கோப்பில் கிடைத்தது, ஆனால் உள்ளே நுழைய அந்த முகவரிக்கு ஓடிபி வருமாம். அவர் போனதும் அவருடைய பெட்டியை நீக்கிவிட்டிருந்தார்கள். சரி, அந்தப் பெட்டியை மறுபடி உண்டாக்கலாம் என்றால், ஓடிபியும் அதே செத்த டொமைனுக்குத்தானே வர வேண்டும்? ரெஜிஸ்ட்ராரின் மெயில் சர்வரும் மற்ற எல்லோரையும் போல அந்தப் பார்க்கிங் பக்கத்தின் கதவைத்தான் தட்டும்.

காலாவதிக்கான காரணமும் இதே இடத்தில்தான் இருந்தது. தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருந்தார்கள். அதில் பதிந்திருந்த வங்கி அட்டை மாறிவிட்டது, பணம் எடுக்க முடியவில்லை. `.com` போன்ற பொது டொமைன்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாளுக்குள்ளும் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும் என்று, டொமைன்களுக்கான உலக விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பின் விதி சொல்கிறது. மூன்றும் வந்திருக்கும். மூன்றும் இல்லாத பெட்டிக்குப் போயிருக்கும்.

காலை 11 மணிக்கு ரெஜிஸ்ட்ராரின் உதவி எண்ணுக்கு அழைத்தோம். கணக்கை மீட்க வேண்டும் என்று மேலாளர் சொன்னதும், நிறுவனப் பதிவுச் சான்று, அடையாள அட்டை, கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் அனுப்புங்கள், சரிபார்க்க இரண்டு மூன்று வேலைநாள் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். யாரோ போனில் பேசிக் கணக்கை வாங்கிப்போக முடிந்தால் அது எவ்வளவு பெரிய ஆபத்து. ஆனால் நமக்கு அப்போது கணக்கு தேவையில்லை, புதுப்பித்தல்தான் தேவை. இரண்டையும் ஒரே கோரிக்கையாகக் கேட்டதுதான் எங்கள் தவறு. கணக்கின் உரிமையை மாற்றுவதற்கு அவர்கள் பயப்படுவார்கள், பயப்படவும் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் உரிமையாளரின் பெயரிலேயே, எதையும் மாற்றாமல் பணம் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னால் அதில் அவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. சில ரெஜிஸ்ட்ரார்கள் உள்நுழையாமலேயே யார் வேண்டுமானாலும் புதுப்பித்தல் கட்டணம் செலுத்தவும் விடுகிறார்கள்.

கணக்குப் பிரிவில் போன வருடத்து ரசீதைத் தேடி எடுத்தார்கள். அதில் வாடிக்கையாளர் எண்ணும் ரசீது எண்ணும் இருந்தன. 12.20க்கு மறுபடி அழைத்து நானே பேசினேன். "கணக்கு மீட்புக்கான காகிதங்களைத் தனியாக அனுப்புகிறோம், அது மெதுவாக நடக்கட்டும். இப்போது இந்த டொமைனை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்க மட்டும் பணம் கட்ட வேண்டும். தொடர்பு முகவரி, நேம்சர்வர் எதையும் மாற்ற வேண்டாம். கட்டணம் செலுத்தும் இணைப்பை வேறு முகவரிக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். ரசீது எண்ணையும் போன வருடம் கட்டிய தொகையையும் சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

வேறு முகவரி என்று கொடுத்தது, மைக்ரோசாஃப்ட் 365 கணக்கோடு எப்போதும் ஒட்டியிருக்கும் `onmicrosoft.com` முகவரி. நம் டொமைன் செத்தாலும் அது வேலை செய்யும், அது மைக்ரோசாஃப்ட்டின் டொமைன். காலையிலேயே விற்பனைப் பிரிவில் இருவருக்கு அதையே அனுப்பும் முகவரியாக மாற்றி வைத்திருந்தேன். முக்கியமான வாடிக்கையாளர்களுக்குப் போனில் தகவல் சொல்லி, அன்றைய மெயில்களை அங்கே வாங்கிக்கொண்டார்கள். வழக்கமான முகவரியிலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்திருந்தால் பயனில்லை. மெயிலை உண்மையில் நாம்தான் அனுப்பினோம் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் டிஎன்எஸ்ஸில் காணாததால் அவை பல இடங்களில் நிராகரிக்கப்பட்டன, சில ஸ்பாமில் விழுந்தன.

12.50க்கு இணைப்பு வந்தது. 1.05க்குப் பணம் கட்டியாயிற்று. இடையில் உரிமையாளர், இப்படிப்பட்ட ரெஜிஸ்ட்ரார் வேண்டாம், இன்றே வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் ரெஜிஸ்ட்ரார் மாற்றத்துக்கு வழக்கமாக ஐந்து நாள் வரை ஆகும், கணக்குக்குள் நுழைந்தால்தான் அதைத் தொடங்கவே முடியும். மெயில் நின்றிருக்கும் நாளில் அதைத் தொடக்கூடாது.

திரும்பி வந்த பிறகு

1.40க்கு மேலே சொன்ன அதே `dig` கட்டளையில் பழைய நேம்சர்வர்கள் திரும்பி வந்திருந்தன. இந்த ரெஜிஸ்ட்ரார் பழையவற்றைத் தானாகவே திருப்பிப் போட்டார். சிலர் போடுவதில்லை, அதனால் பணம் கட்டியதோடு நிறுத்தாமல் ரெஜிஸ்ட்ரியில் கேட்டுப் பார்க்க வேண்டும். டிஎன்எஸ் பதிவுகள் வேறொரு நிறுவனத்தில் இருந்ததால் எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் கலையாமல் இருந்தன. ரெஜிஸ்ட்ராரிடமே டிஎன்எஸ்ஸும் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒவ்வொரு பதிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெயில் உடனே கொட்டிவிடவில்லை. `.com` ரெஜிஸ்ட்ரி நேம்சர்வர் விடைகளோடு தரும் ஆயுள் 172800 நொடி, அதாவது இரண்டு நாள். காலையில் பார்க்கிங் நேம்சர்வரைக் கற்றுக்கொண்ட ஒரு டிஎன்எஸ் சர்வர் சனிக்கிழமை காலை வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கலாம். (`client hold` ஆக இருந்திருந்தால் இந்த இடத்தில் மட்டும் நிலைமை மேல். டொமைன் இல்லை என்ற விடையை `.com` விஷயத்தில் 15 நிமிடத்துக்கு மேல் யாரும் நினைவில் வைப்பதில்லை.) நம்மால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கூகுள், கிளவுட்ஃபிளேர் ஆகிய இரண்டின் பொது டிஎன்எஸ்ஸிலும் நினைவில் உள்ளதை அழிக்கச் சொல்ல யாருக்கும் திறந்த பக்கங்கள் இருக்கின்றன:

```
https://dns.google/cache
https://one.one.one.one/purge-cache/
```

அவற்றில் `NS`, `MX`, `A`, `TXT` என்று ஒவ்வொரு வகையாகக் கொடுத்து அழித்தேன். இரண்டு மணிக்கு முன்பே முதல் வெளி மெயில் வந்தது. காலை ஏழு மணிக்கு அனுப்பியது. மாலைக்குள் அறுபதுக்கு மேல் வந்துவிட்டன. ஒரு பெரிய வாடிக்கையாளரின் மெயில் மட்டும் வெள்ளிக்கிழமை மாலை வரை வரவேயில்லை. அவர்களுடைய சொந்த டிஎன்எஸ் சர்வர் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய கணினிப் பிரிவுக்குப் போன் செய்து அந்த ஒரு பெயரை மட்டும் நினைவிலிருந்து அழிக்கச் சொன்னதும் ஒன்பது மெயில் சேர்ந்தாற்போல் வந்தன.

அதற்குப் பிறகும் இரண்டு வேலை மீதமிருந்தது. கணக்கு மீட்பு முடிந்ததும் தொடர்பு முகவரியை மாற்றினோம், இந்த முறை நிறுவனத்தின் டொமைனில் இல்லாத ஒரு முகவரி, இரண்டு பேரின் பொறுப்பில். பதிவுதாரரின் மெயில் முகவரியை மாற்றினால் ரெஜிஸ்ட்ரார் ஒரு சரிபார்ப்பு மெயில் அனுப்புவார். அதிலுள்ள இணைப்பை 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. பணம் கட்டிய டொமைன் இரண்டே வாரத்தில் மறுபடி நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் மேலாளர் என் கண்முன்னே அந்த இணைப்பை அழுத்தும் வரை நான் கிளம்பவில்லை. கண்காணிப்புக்காக ஒரு சிறு ஸ்கிரிப்டும் போட்டேன். தினமும் ஆர்டிஏபியைக் கேட்கும். தேதியை மட்டும் பார்த்தால் ரெஜிஸ்ட்ரியின் நீட்டிப்பு ஏமாற்றிவிடும் என்பதால், காலாவதிக்கு 60 நாள் முன்னதாகவே கூவும், `auto renew period` என்ற சொல் தெரிந்தாலும் கூவும்.

இரண்டாவது வேலை எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. பத்து நாள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து, சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பில் எதுவும் வரவில்லை என்றார்கள். தானாக பில் அனுப்பும் அமைப்புகள் ஒரு முகவரிக்கு அனுப்பியது ஒருமுறை நிரந்தரப் பிழையோடு திரும்பினால் அதைத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். அதற்குப் பிறகு டொமைன் உயிரோடு இருக்கிறதா என்று அவை பார்ப்பதே இல்லை. நம் பக்கத்துப் பதிவுகளில் இதற்குத் தடயமும் இருக்காது, ஏனென்றால் நமக்கு எதுவும் அனுப்பப்படவே இல்லை. மாதாமாதம் தானாக மெயில் அனுப்பும் வங்கி, இணைய சேவை, மென்பொருள் சந்தா, சரக்கு நிறுவனம் என்று ஒரு பட்டியல் எழுதி, கடைசியாக எப்போது மெயில் வந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். நான்கு இடங்களில் முகவரி முடங்கியிருந்தது. மூன்றில் நாமே கணக்குக்குள் போய் முகவரியை மறுபடி உறுதிசெய்தது போதுமாக இருந்தது. சரக்கு நிறுவனத்தில் மட்டும் அவர்களுடைய ஆள் ஒருவர் தடைப்பட்டியலிலிருந்து கையால் எடுக்க வேண்டியிருந்தது. நிலுவையிலிருந்த இரண்டு பில்களும் அன்று மாலையே வந்து சேர்ந்தன.